சிப்பா அட்ஜுடிகேஷனில் பதிலுரை எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் கட்டுமானப் பணத் தகராறுகள் 2012-ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழில் பணம் செலுத்துதல் மற்றும் அட்ஜுடிகேஷன் சட்டத்தின் கீழ் வருகின்றன. சைட்டில் எல்லாரும் அதைச் சிப்பா என்றுதான் சொல்வார்கள். அட்ஜுடிகேஷன் என்றால், பணத் தகராறை அட்ஜுடிகேட்டர் என்ற நடுநிலையாளர் ஒருவர் விரைவாக முடிவு செய்வது. 2014 ஏப்ரல் 15 முதல் அமலில் இருக்கிறது. கிளெய்ம் போடுவதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இங்கே இருப்பது மறுபக்கம்: கிளெய்ம் வந்து சேர்ந்த மெயின் கான்ட்ராக்டர் அல்லது உரிமையாளர், தன் பதிலுரையை எப்படி அடுக்கி எழுதுவது என்பது. என்னிடம் அடிக்கடி வரும் கேள்விகளையே எடுத்துக்கொண்டேன்.

அட்ஜுடிகேஷன் கிளெய்ம் திங்கட்கிழமை கையில் கிடைத்தது. பதில் கொடுக்க எத்தனை நாள் இருக்கிறது?

பத்து வேலை நாள். சட்டத்தின் 10-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. கிளெய்ம் கிடைத்த மறுநாளை ஒன்று என்று எண்ணுங்கள். இடையில் பொது விடுமுறை எதுவும் இல்லையென்றால், திங்கள் வாங்கியவருக்கு இரண்டு வாரம் கழித்து வரும் திங்கள் கடைசி நாள்.

சட்டத்தின் கணக்கில் வேலை நாள் என்பது, சைட் இருக்கும் மாநிலத்தின் வேலை நாள். உங்கள் ஆபீஸ் கோலாலம்பூரில் இருக்கலாம், சைட் கெடாவில் இருக்கலாம். அப்போது வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை; ஞாயிறு உங்கள் கணக்கில் ஒரு நாளைத் தின்றுவிடும். கெடாவின் மாநில விடுமுறைகளையும் பார்க்க வேண்டும். காலண்டரில் கடைசி நாளை வட்டமிட்ட பிறகுதான் மற்ற வேலை.

கடைசி நாள் என்பது எழுதி முடிக்கும் நாள் அல்ல. எதிர்த்தரப்பின் கையிலும் அட்ஜுடிகேட்டரின் கையிலும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நாள். சேர்க்கும் வழியையும் 38-ஆவது பிரிவு சொல்லியிருக்கிறது: நேரில், அலுவலக நேரத்தில் அவர்களின் வழக்கமான வணிக முகவரியில், பதிவுத் தபாலில், அல்லது இரு தரப்பும் எழுத்தில் ஒத்துக்கொண்ட வேறு வழியில். மின்னஞ்சல் மட்டும் போதும் என்று நினைத்தால், அதற்கு எழுத்தில் சம்மதம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஆளை அனுப்பி, முத்திரையும் நேரமும் போட்ட நகலை வாங்கிக்கொண்டு வருவதுதான் பாதுகாப்பு.

ஆரம்பத்தில் பேமெண்ட் கிளெய்ம் வந்தபோது நாங்கள் பதிலே போடவில்லை. கதை முடிந்ததா?

முடியவில்லை. பேமெண்ட் கிளெய்ம் என்பது அட்ஜுடிகேஷனுக்கு முந்தைய படி, பணம் கேட்டு எழுத்தில் வரும் கோரிக்கை; அதற்கான பதில்தான் பேமெண்ட் ரெஸ்பான்ஸ். 6-ஆவது பிரிவின்படி, பத்து வேலை நாளுக்குள் பேமெண்ட் ரெஸ்பான்ஸ் கொடுக்காதவர் முழுத் தொகையையும் மறுத்ததாகவே எடுத்துக்கொள்ளப்படுவார். ஒத்துக்கொண்டதாக ஆகாது.

சரி, அப்போது சொல்லாத காரணத்தை இப்போது பதிலுரையில் சொல்லலாமா? இதில் பல வருடம் குழப்பம் இருந்தது. 2017-இல் கூட்டரசு நீதிமன்றம் வியூ எஸ்டீம் எதிர் பினா பூரி வழக்கில் தெளிவாக்கிவிட்டது. பேமெண்ட் ரெஸ்பான்ஸில் இல்லாத எதிர்வாதத்தையும் பதிலுரையில் எடுக்கலாம். அட்ஜுடிகேட்டர் அதைப் பார்க்காமல் ஒதுக்கினால் அது இயற்கை நீதிக்கு எதிரானது. அந்த வழக்கில் அட்ஜுடிகேட்டரின் முடிவே ரத்தானது.

சிங்கப்பூரிலும் வேலை செய்பவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். அங்கே சட்டம் நேர் எதிர். பணத்தை நிறுத்தியதற்கான காரணம் பேமெண்ட் ரெஸ்பான்ஸில் இல்லையென்றால், பெரும்பாலும் அட்ஜுடிகேட்டர் அதைத் தொடவே முடியாது. பதிலுரைக்கு இருக்கும் நேரமும் ஏழு நாள்தான். ஒரு நாட்டின் பழக்கத்தை வைத்து இன்னொரு நாட்டில் நடந்தால் அடி பலமாக விழும்.

மலேசியாவில் சட்டம் இடம் கொடுக்கிறது என்பதற்காக, முதல் கட்டத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று எண்பதாயிரம் ரிங்கிட் பிடித்தம் என்று கிளப்பினால், வாதம் செல்லும், நம்பிக்கை குறையும்.

பதிலுரையில் எதை முதலில் வைப்பது, எதைக் கடைசியில்?

அட்ஜுடிகேட்டரின் மேசையை நினைத்துப் பாருங்கள். உங்கள் பதிலுரையும் அதற்கு வரும் மறுமொழியும் சேர்ந்ததும், 45 வேலை நாளுக்குள் அவர் முடிவு எழுத வேண்டும். தவறினால் அந்த முடிவு செல்லாது. பெரும்பாலும் நேர் விசாரணையும் இருக்காது; தாளில் இருப்பதை வைத்தே முடிவு செய்வார். அதனால் அவர் முடிவு எழுதும் வரிசையிலேயே நீங்களும் எழுதிக் கொடுத்தால் போதும்.

முதல் பக்கத்தில் ஒரே ஒரு விஷயம்: கேட்டது எவ்வளவு, உங்கள் கணக்கில் வரவேண்டியது எவ்வளவு, வித்தியாசம் எந்தெந்தக் காரணத்தால். அதற்கு அடுத்து அதிகார வரம்பு பற்றிய ஆட்சேபம், இருந்தால். பிறகு ஒப்பந்தம்: எந்தெந்த ஆவணங்கள் சேர்ந்து ஒப்பந்தம் ஆகின்றன, முரண்பட்டால் எது மேல், பணம் தொடர்பான ஷரத்துகள் எவை. அதன் பிறகு கிளெய்மின் ஒவ்வொரு உருப்படிக்கும் பதில், அவர்கள் போட்ட அதே எண் வரிசையில். உருப்படிகள் முடிந்த பிறகே உங்கள் பக்கத்துப் பிடித்தங்கள். கடைசியில் நீங்கள் கேட்கும் உத்தரவு: தொகை, வட்டி, செலவு.

நிறையப் பேர் சைட்டில் நடந்த சண்டையின் வரலாற்றோடு ஆரம்பிக்கிறார்கள். யார் யாரைத் திட்டினார், எந்த மீட்டிங்கில் யார் எழுந்து போனார் என்று முப்பது பக்கம். அட்ஜுடிகேட்டருக்கு அதில் ஒரு எண்கூடக் கிடைக்காது. காலவரிசை தேவைதான், அதை இரண்டு பக்கத்துக்கு மிகாமல், தேதி, நிகழ்வு, ஆதார எண் என்று பின்னிணைப்பாக வையுங்கள்.

அதிகார வரம்பு ஆட்சேபம் என்றால் என்ன? எல்லாரும் போடுகிறார்களே, நாங்களும் போடலாமா?

உண்மையிலேயே இருந்தால் போடுங்கள். 27-ஆவது பிரிவின்படி, பேமெண்ட் கிளெய்மிலும் ரெஸ்பான்ஸிலும் எழுந்த தகராறு மட்டுமே அட்ஜுடிகேட்டரின் எல்லை. பேமெண்ட் கிளெய்மையும் இப்போது வந்த அட்ஜுடிகேஷன் கிளெய்மையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பாருங்கள். அங்கே இல்லாத தொகையோ புதிய தலைப்போ இங்கே முளைத்திருந்தால், அதுதான் உங்கள் ஆட்சேபம். பேமெண்ட் கிளெய்மில் தொகை, கெடு தேதி, எந்த ஒப்பந்த ஷரத்தின் கீழ் கேட்கிறார்கள், என்ன வேலை, சிப்பாவின் கீழ் கேட்கிறோம் என்ற வாக்கியம் ஆகியவை இருக்க வேண்டும். இவற்றில் எது இல்லை என்றும் பாருங்கள்.

ஆட்சேபம் சொன்னதால் வழக்கு நிற்காது. அட்ஜுடிகேட்டர் அதைக் குறித்துக்கொண்டு தொடர்ந்து நடத்தலாம். அதனால் ஆட்சேபத்துக்குக் கீழேயே, இந்த உரிமையை விட்டுக்கொடுக்காமல் மீதிப் பதிலைச் சொல்கிறோம் என்று ஒரு வரி எழுதிவிட்டு, மீதியையும் முழுமையாக எழுதுங்கள். ஆட்சேபத்தை மட்டும் நம்பி, உருப்படிகளுக்குப் பதில் சொல்லாமல் விட்டவர்கள் கடைசியில் முழுத் தொகையையும் கட்டியிருக்கிறார்கள்.

ஐந்து பலவீனமான ஆட்சேபங்களை அடுக்கினால் பலமான ஒன்றும் அவற்றோடு சேர்ந்து மூழ்கிவிடும். ஒன்று அல்லது இரண்டு, அவ்வளவுதான்.

உருப்படிவாரியாகப் பதில் என்கிறீர்கள். ஒரு உதாரணத்தோடு காட்ட முடியுமா?

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். சிலாங்கூரில் ஓர் அடுக்குமாடித் திட்டம். பூச்சும் ஓடு பதிப்பும் செய்த சப்-கான்ட்ராக்டர் 4,86,000 ரிங்கிட் கேட்டு வருகிறார். ஒன்பதாவது பில்லின் வேலைக்கு 2,70,000. கூடுதல் வேலைகளுக்கு 1,20,000. பிடித்து வைத்த ரிட்டென்ஷன் 96,000.

பில்லில் இருந்து ஆரம்பிப்போம். மெயின் கான்ட்ராக்டரின் குவாண்டிட்டி சர்வேயர் இரு தரப்பும் கையெழுத்திட்ட கூட்டு அளவீட்டுத் தாள்களை எடுத்து வைக்கிறார். பி பிளாக்கின் 14, 15-ஆம் மாடி ஓடு வேலைக்கான 38,000 ரிங்கிட் எட்டாவது பில்லிலேயே வந்து, பணமும் போயிருக்கிறது. 17-ஆம் மாடியின் குளியலறைகளில் இன்னும் முடியாத வேலைக்கு 18,000 கேட்டிருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து 56,000. ஆக பில்லில் ஒத்துக்கொள்வது 2,14,000.

இதைப் பதிலுரையில் எழுதும்போது, உருப்படி மிகைப்படுத்தப்பட்டது என்று எழுதிவிட்டு நகரக் கூடாது. இப்படி எழுத வேண்டும்: கேட்ட தொகை 2,70,000. இதில் 38,000 எட்டாவது பில்லின் 22-ஆவது வரியில் கேட்டு, இன்ன தேதி காசோலையில் செலுத்தப்பட்டது. ஆதாரம் ஆர்-7, பக்கம் 112 முதல் 115. இன்னொரு 18,000-க்கான வேலை பில் தேதியன்று முடியவில்லை. கூட்டு அளவீட்டுத் தாள் ஆர்-9, பக்கம் 131, இரு தரப்புக் கையெழுத்துடன். அதே மாடியின் படங்கள் ஆர்-10. ஆகவே சரியான தொகை 2,14,000.

கேட்டது, கொடுக்க வேண்டியது, ஏன், எங்கே ஆதாரம் என்ற நான்கும் ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரே வரிசையில் வரட்டும். இதையே ஓர் அட்டவணையாகவும் போட்டு இணைத்துவிடுங்கள். அட்ஜுடிகேட்டர் தன் முடிவை எழுதும்போது அந்த அட்டவணையில்தான் கடைசி நெடுவரிசையை நிரப்புவார்.

ரிட்டென்ஷன் 96,000-க்கு பதில் குறுகியது. இந்த ஒப்பந்தத்தில் பாதி, நடைமுறை நிறைவுச் சான்றிதழ் வந்ததும் விடப்படும். மீதி, குறைகள் சரிசெய்யப்பட்டதற்கான சான்றிதழ் வந்ததும். முதல் சான்றிதழே இன்னும் வரவில்லை. எனவே இன்றைக்கு அது வசூலுக்கு உரிய பணம் அல்ல. ஷரத்தை முழுசாக மேற்கோள் காட்டுங்கள். சுருக்கி உங்கள் வார்த்தையில் சொல்லாதீர்கள்.

கூடுதல் வேலைக்கு எழுத்து உத்தரவு கொடுக்கவே இல்லை. அதைச் சொன்னால் போதாதா?

சில நேரம் போதும், பல நேரம் போதாது. மேலே உள்ள கணக்கில் மூன்று கூடுதல் வேலைகள். முதலாவது 48,000, சைட் இன்ஜினியர் கையெழுத்திட்ட உத்தரவு இருக்கிறது, வேலையும் முடிந்திருக்கிறது. அதை ஒத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது 50,000, எழுத்து உத்தரவு இல்லை. மூன்றாவது 22,000, லிஃப்ட் முகப்பின் ஸ்கர்ட்டிங் ஓடு, அது ஏற்கனவே அளவுப் பட்டியலில் இருக்கும் வேலை.

மூன்றாவதைத் தள்ளுவது சுலபம். அளவுப் பட்டியலின் அந்த வரியையும், வரைபடத்தில் அந்த இடத்தையும் வட்டமிட்டு இணைத்தால் வேலை முடிந்தது.

இரண்டாவதில்தான் கவனம் வேண்டும். எழுத்து உத்தரவு இல்லாத கூடுதல் வேலைக்குப் பணம் கிடையாது என்று ஷரத்து சொல்லலாம். ஆனால் உங்கள் சைட் மேனேஜரே வாட்ஸ்அப்பில் "இதைச் செய்துவிடுங்கள், பிறகு பேப்பர் வரும்" என்று எழுதியிருந்தால்? அதை எதிர்த்தரப்பு கண்டிப்பாக வைத்திருப்பார்கள். அப்போது ஷரத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால், அந்த ஷரத்தை நீங்களே விட்டுக்கொடுத்தீர்கள் என்ற வாதம் வரும். அதனால் இரண்டு படியாக எழுதுங்கள். முதல் படி: ஷரத்தின்படி தகுதியில்லை. இரண்டாம் படி: தகுதி இருப்பதாகவே அட்ஜுடிகேட்டர் கருதினாலும், 50,000 என்ற விலை சரியல்ல, ஒப்பந்த விலையில் அளந்தால் இவ்வளவுதான் வரும், கணக்கு இதோ. இரண்டாம் படி இல்லையென்றால், முதல் படி சரிந்த நிமிடமே 50,000-மும் போய்விடும். மாற்று மதிப்பீட்டை எழுதாமல் விட்ட பதிலுரைகளில் பணம் பறிபோவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

தாமதத்துக்கான அபராதத்தையும், குறைகளைச் சரிசெய்த செலவையும் கழித்துக்கொள்ளலாமா?

கழிக்கலாம், ஒப்பந்தம் இடம் கொடுத்தால், அதன் படிகளை நீங்கள் கடைப்பிடித்திருந்தால். முதலில் ஷரத்தைப் படியுங்கள். மலேசியக் கட்டடக்கலைஞர் சங்கத்தின் பாம் 2006 பொது ஒப்பந்தத்தில், குறை சரிசெய்த செலவைக் கழிப்பதற்கு முன் கணக்கை விவரமாகக் கொடுத்திருக்க வேண்டும். கழிக்கப் போகிறோம் என்று காரணத்தோடு 28 நாள் முன்னறிவிப்பும் எழுத்தில் போயிருக்க வேண்டும். சப்-கான்ட்ராக்ட்களில் ஆளுக்கொரு மாதிரி எழுதியிருப்பார்கள். அந்த அறிவிப்பு எப்போதுமே போகவில்லையென்றால், பிடித்தம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் அட்ஜுடிகேட்டர் அதைக் கழிக்க மறுக்கலாம்.

குறை சரிசெய்த செலவைப் பார்ப்போம். நம் கணக்கில் பி பிளாக்கின் 26 வீடுகளில் ஓடுகள் தட்டினால் வெற்றுச் சத்தம் கேட்டது. இதற்கு நான்கு ஆதாரங்கள் ஒன்றுக்கொன்று கோத்து வர வேண்டும்: குறையைச் சொல்லி அனுப்பிய கடிதம், சரிசெய்யக் கொடுத்த கெடு, கெடு முடிந்தும் அவர் வரவில்லை என்பதற்கான சைட் டயரிப் பதிவு, வேறு ஆளை வைத்துச் செய்ததன் பில்லும் பணம் கட்டிய சீட்டும். வேறு ஆள் கொடுத்த பில் மொத்தம் 46,000 ரிங்கிட். ஆனால் அதில் ஏ பிளாக் வேலையும் கலந்திருக்கிறது. வீட்டு எண்களைப் பிரித்துப் பார்த்தால் இந்த 26 வீடுகளுக்கு 31,000-தான் வருகிறது. 31,000-ஐ மட்டும் கேளுங்கள். 46,000-த்தையும் போட்டால், எதிர்த்தரப்பு மறுமொழியில் அந்த ஒரு பில்லைக் காட்டியே உங்கள் எல்லாக் கணக்கையும் சந்தேகத்துக்கு ஆளாக்குவார்கள்.

தாமத அபராதம் இதைவிட நுட்பமானது. நாளொன்றுக்கு 2,000 ரிங்கிட், 40 நாள் தாமதம், ஆக 80,000 என்று மேலோட்டமாகக் கணக்குப் போடலாம். ஆனால் சைட் டயரியைப் படித்தால், முதல் 18 நாள் லிஃப்ட் முகப்புகள் அவருக்கு ஒப்படைக்கப்படவே இல்லை. மின்சார வேலைக்காரர்கள் உள்ளே இருந்தார்கள். அந்தத் தாமதம் உங்களுடையது. அதைக் கண்டும் காணாமல் 80,000 கேட்டால், நீங்களே தடுத்த வேலைக்கு அபராதமா என்று திரும்பிக் கேட்பார்கள். கெடு தேதியே செல்லாது என்ற வாதமும் பின்னால் வரும். வழி என்னவென்றால், ஒப்பந்தத்தின் காலநீட்டிப்பு ஷரத்தின் கீழ் அந்த 18 நாளைக் கொடுத்து, கெடுவை நகர்த்தி, நகர்ந்த கெடுவிலிருந்து 22 நாளைக் கணக்கிடுவது. 44,000 ரிங்கிட் வருகிறது. அதைத் தாங்க முடியும்.

தொகை நியாயமானதா என்ற கேள்விக்கு, 2018-இல் கூட்டரசு நீதிமன்றம் கியூபிக் எலெக்ட்ரானிக்ஸ் வழக்கில் சொன்னது உதவும். 1950-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 75-ஆவது பிரிவின் கீழ், உண்மையான நட்டத்தை ஒவ்வொரு ரிங்கிட்டாக நிரூபிக்க வேண்டியதில்லை. தொகை நியாயமற்றது என்று காட்டும் பாரம் ஒப்பந்தத்தை மீறியவர் மேல். இருந்தாலும் 2,000 ரிங்கிட் எப்படி வந்தது என்று ஒரு பத்தி எழுதிவைப்பது நல்லது.

இப்போது மொத்தக் கணக்கு. பில் 2,14,000, கூடுதல் வேலை 48,000, சேர்ந்து 2,62,000. அதில் 31,000-மும் 44,000-மும் கழித்தால் 1,87,000. இதுதான் முதல் பக்கத்தில் வர வேண்டிய எண்.

1,87,000 கொடுக்க வேண்டும் என்று நாங்களே எழுதினால் தோற்றதாக ஆகாதா? பூஜ்யம் என்று போட்டால் என்ன?

பூஜ்யம் என்று எழுத உங்களிடம் ஆதாரம் இருந்தால் எழுதுங்கள். இல்லாமல் எழுதினால், அட்ஜுடிகேட்டர் உங்கள் எண்களை ஓரமாக வைத்துவிட்டு எதிர்த்தரப்பின் அட்டவணையில் இருந்து வேலையை ஆரம்பிப்பார். கையெழுத்திட்ட உத்தரவு இருக்கும் 48,000-ஐ மறுத்த ஒருவரின் அளவீட்டுத் தாளை அவர் எப்படி நம்புவார்?

செலவு பற்றியும் யோசிக்க வேண்டும். 18-ஆவது பிரிவின்படி செலவு வெற்றி தோல்வியைப் பின்தொடர்ந்து போகும். சரியான தொகையை முன்கூட்டியே சொல்லி, முடிந்தால் கட்டியும் விட்டவருக்கு, செலவு பற்றிப் பேச நியாயம் இருக்கிறது.

ஒன்றை நினைவில் வையுங்கள்: பிடித்தங்கள் கிளெய்மைக் குறைக்க உதவும் கேடயம்தான். உங்கள் பிடித்தம் கிளெய்மைவிடப் பெரியதாக இருந்தாலும், மிச்சத்தை அவர் உங்களுக்குத் தர வேண்டும் என்ற உத்தரவை இந்த வழக்கிலேயே எதிர்பார்க்காதீர்கள். அதற்கு வேறு வழி, நீதிமன்றமோ நடுவர் மன்றமோ.

உரிமையாளர் எங்களுக்கு இன்னும் பணம் தரவில்லை. அதைக் காரணமாகச் சொல்லலாமா?

வேண்டாம். மேலே இருப்பவர் கொடுத்தால்தான் கீழே கொடுப்பேன் என்ற ஷரத்து 35-ஆவது பிரிவின்படி செல்லாது. வங்கிக் கடன் வந்தால்தான் என்பதும் அப்படியே. ரிட்டென்ஷன் ஷரத்தையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை படியுங்கள். அது வேலை முடிந்த நிலையோடு கட்டப்பட்டிருந்தால் பரவாயில்லை. உங்களுக்கு மேலிருந்து பணம் வருவதோடு கட்டப்பட்டிருந்தால், அந்த வாதத்தை எடுக்காமல் இருப்பதே நல்லது.

ஆதாரங்களை எப்படிக் கட்டுவது? எங்களிடம் நான்கு பெட்டி நிறைய பேப்பர் இருக்கிறது.

நான்கு பெட்டியையும் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு தாளுக்கும் பதிலுரையில் எந்தப் பத்தி அதைக் கூப்பிடுகிறது என்று கேளுங்கள். எந்தப் பத்தியும் கூப்பிடாத தாள் உள்ளே வரக் கூடாது. எண்ணிடுவது ஒரே தொடராக இருக்கட்டும்: ஆர்-1, ஆர்-2 என்று ஆவணத்துக்கு ஓர் எண், முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை தொடர்ச்சியான பக்க எண். பி.டி.எஃப். கோப்பில் வரும் பக்க எண்ணும் தாளில் அச்சான பக்க எண்ணும் ஒன்றாக இருந்தால், அட்ஜுடிகேட்டர் திரையில் தேடும்போது உங்களை வாழ்த்துவார்.

கட்டும் வரிசையிலும் பதிலுரையையே பின்பற்றுங்கள். ஒப்பந்த ஆவணங்கள், பில்களும் பணம் கட்டிய சான்றுகளும், அளவீட்டுத் தாள்கள், கூடுதல் வேலை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு கட்டு, அப்புறம் பிடித்தங்கள். எல்லாக் கடிதங்களையும் தேதிவாரியாக ஒரே குவியலாகப் போடுவது சுலபம்தான். ஆனால் வெற்று ஓடு பற்றிய கடிதத்தைத் தேடுபவர் இருநூறு கடிதத்தைப் புரட்ட வேண்டியிருக்கும்.

12-ஆவது பிரிவின்படி 1950-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் இந்த வழக்குகளுக்குப் பொருந்தாது. அதனால் வாட்ஸ்அப் செய்தி, போன் படம் எல்லாம் உள்ளே வரும். வருவது ஒன்று, எடை போடப்படுவது வேறு. ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டால் மேலே கீழே என்ன இருந்தது என்று கேள்வி வரும். அந்த வாரத்தின் உரையாடலை முழுவதுமாக ஏற்றுமதி செய்து இணைத்து, தேவையான வரியை மட்டும் அடிக்கோடிடுங்கள். குழுவில் இருப்பவர்கள் யார் யார், எந்த நிறுவனம் என்று ஒரு பட்டியலும் வேண்டும். படம் என்றால் தேதி, பிளாக், மாடி, வீட்டு எண் நான்கும் கீழே இருக்கட்டும். எந்த வீட்டுக் குளியலறை என்று தெரியாத உடைந்த ஓட்டின் படத்தால் யாருக்கும் பயனில்லை.

தாளில் இல்லாத உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தால், அதை நேரில் பார்த்தவரிடமிருந்து சத்தியப் பிரமாணம் வாங்குங்கள். அந்த 18 நாள் லிஃப்ட் முகப்பில் யார் வேலை செய்தார்கள் என்பதை சைட் சூப்பர்வைசர்தான் சொல்ல முடியும். டைரக்டர் அதைப் பற்றிப் பிரமாணம் செய்தால், ஆபீஸில் உட்கார்ந்திருந்தவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிடுவார்கள். அவர் வேலையை விட்டுப் போய்விட்டாலும் தேடிப் பிடியுங்கள். முதல் நாளே போன் போட்டால்தான் பத்து நாளுக்குள் கையெழுத்து வரும்.

பத்து நாளுக்குள் முடியவே முடியாது என்று தெரிந்தால்?

கெடு முடிவதற்கு முன்பே அட்ஜுடிகேட்டருக்கு எழுதுங்கள். தரப்புகளுக்கான கெடுவை நியாயமான அளவில் நீட்டிக்கும் அதிகாரம் 25-ஆவது பிரிவில் அவருக்கு உண்டு. எத்தனை நாள் வேண்டும், ஏன், எந்த ஆவணம் யாரிடமிருந்து வரவேண்டியிருக்கிறது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். எதிர்த்தரப்பு ஆறு மாதம் எடுத்துத் தயாரித்த 3,000 பக்கத்துக்குப் பத்து நாளில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது நல்ல காரணம். எங்கள் மேனேஜர் விடுமுறையில் இருக்கிறார் என்பது அல்ல.

ஒன்றுமே போடாமல் விட்டால், 10-ஆவது பிரிவின்படி எதிர்த்தரப்பு வழக்கைத் தொடரலாம். உங்கள் பக்கம் இல்லாமலே முடிவு வரும்.

நாங்கள் பதிலுரை கொடுத்த பிறகு அவர்கள் மறுமொழியில் புது ஆதாரம் கொண்டுவந்துவிட்டார்கள். திரும்பப் பதில் சொல்லலாமா?

மறுமொழிக்கு அவர்களுக்கு ஐந்து வேலை நாள் உண்டு. அதற்குப் பிறகு உங்களுக்கு இன்னொரு சுற்று சட்டத்தில் இல்லை. ஆனால் உண்மையிலேயே புதிய ஆவணம் வந்திருந்தால், அன்றைக்கே அட்ஜுடிகேட்டருக்கு ஒரு பக்கத்தில் எழுதி, அந்த ஆவணத்துக்கு மட்டும் பதில் சொல்ல அனுமதி கேளுங்கள். எந்தப் பக்கம் புதியது, முன்பு அது ஏன் இல்லை, உங்கள் பதில் எத்தனை பக்கத்தில் முடியும் என்று சொன்னால் அனுமதி கிடைக்க வாய்ப்பு அதிகம். மறுத்தால் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் 15-ஆவது பிரிவின் கீழ் முடிவை ரத்துசெய்யக் கேட்கும்போது, பேச வாய்ப்புத் தரப்படவில்லை என்பதற்கு அதுதான் சான்று.

முடிவு எங்களுக்கு எதிராக வந்துவிட்டால்?

அது தற்காலிகமாகக் கட்டுப்படுத்தும்; நீதிமன்றத்திலோ நடுவர் மன்றத்திலோ முழு வழக்கையும் பிறகு நடத்தலாம். ஆனால் இப்போதைக்குப் பணம் கட்டித்தான் ஆக வேண்டும். கட்டாவிட்டால் அவர் 28-ஆவது பிரிவின் கீழ் அதை நீதிமன்றத் தீர்ப்பு போல அமல்படுத்தலாம், 29-இன் கீழ் வேலையை நிறுத்தலாம் அல்லது மெதுவாக்கலாம், 30-இன் கீழ் உங்களுக்கு மேலே இருப்பவரிடம் நேரடியாகப் பணம் கேட்கலாம். மூன்றையும் ஒரே நேரத்தில் செய்யவும் அவருக்குத் தடை இல்லை. ரத்துசெய்யவோ நிறுத்திவைக்கவோ கேட்பதாக இருந்தால், பணம் கட்ட வேண்டிய கெடு தேதி வருவதற்கு முன்பே உயர் நீதிமன்றத்துக்குப் போங்கள்.